ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி

அவைக்கும் நடுவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஏரிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. இடையில் நான்கு ஆண்டுகூட இல்லை! மழை பொய்த்ததும் ஒரு காரணம்தான். ஆனால் பெய்த மழையைப் பிடித்து வைக்க நம்மிடம் இருந்த இடங்களை என்ன செய்தோம்?

ஏரி என்றால் வெறும் பள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவரும். கரை அதைத் தாங்கும். மதகு வயலுக்கு விடும். மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். எங்கள் ஊர்க் கலங்கலின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கின்றன. பெருமழை நாளில் கற்களுக்கு நடுவே தண்ணீர் தாராளமாக ஓட விடுவார்களாம். மழைக்காலம் முடியும் சமயம் அந்த இடைவெளிகளை மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்களாம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்து, சில கற்களிலேயே வழி கண்டிருக்கிறார்கள்!

அதைப் பராமரிக்கவும் ஏற்பாடு இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை எடுத்து ஏரி வாரியம் அமைத்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இல்லை. பெண்களுக்கு இல்லை, நிலம் இல்லாதவருக்கும் இல்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டாம். ஆனால் ஏரிக்காகப் பொறுப்பேற்றவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கண்டிப்பு இன்றும் வேண்டும்.

இப்போது ஏரியைத் தூர்வாரினால் போதும், வேலை முடிந்தது என்கிறோம். சரி, தூர்வாருங்கள். ஆனால் வரத்துக் கால்வாயில் சுவர் நிற்கிறதே, அப்புறம் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? கலங்கலுக்குக் கீழே வீட்டுமனை போட்டிருக்கிறார்களே, நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகும்? அந்த மனையில் குடியேறும் குடும்பத்தின் படுக்கையறைக்குள்தான் போகும். பாவம், விற்றவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

எனக்கு ஓட்டுரிமை வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கிறது. அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும்போது அவர்கள் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எந்த சர்வே எண்ணில் தொடங்குகிறது, இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை எழுந்து வராதீர்கள்!

நன்றி, வணக்கம்.