புராஜெக்ட் மதிப்பீடு: மண் ஈரம் பார்த்துத் தண்ணீர் விடும் கருவி

அன்புள்ள நிவேதா,

உன் புராஜெக்ட்டுக்கு 100-க்கு 47 வந்திருக்கிறது. தேர்ச்சிக்கு 50 வேண்டும். பட்டியலில் இந்த எண்ணை நீ நேற்றே பார்த்திருப்பாய். வெறும் எண் மட்டும் கையில் இருந்தால் மனம் எங்கெங்கோ போகும். அதனால்தான் தள்ளிப்போடாமல் இன்றைக்கே எழுதுகிறேன்.

மூன்றே மதிப்பெண், போட்டுக் கொடுத்திருக்கக்கூடாதா என்று உனக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. நானும் இன்னொரு மதிப்பீட்டாளரும் தனித்தனியாகத் திருத்தினோம். நான் 48 போட்டிருந்தேன், அவர் 46. பிறகு இருவரும் உட்கார்ந்து பகுதி பகுதியாகத் திரும்பப் பார்த்தோம். அறிக்கையில் எழுதியிருப்பதை வைத்து 47-க்கு மேல் போக முடியவில்லை. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் உன் பதிவு நோட்டையும் நான் படித்திருக்கிறேன். அறிக்கையில் இல்லாத நல்ல வேலை அந்த நோட்டில் இருக்கிறது.

முதலில் நன்றாக வந்தவை. சிக்கலை வரையறுத்த பகுதிக்கு 15-க்கு 11, வடிவமைப்புக்கு 25-க்கு 17. சென்சார் எண் 600-க்கு ஏறினால் பம்பை இயக்க, 400-க்கு இறங்கினால் நிறுத்த என்று இரண்டு வரம்புகள் வைத்தாய் அல்லவா? ஒரே வரம்பு வைத்திருந்தால் ஈரம் அந்த எல்லையில் நிற்கும்போதெல்லாம் ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இதை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, முதல் நாள் ரிலே சத்தத்தைக் கேட்டு நீயே கண்டுபிடித்தாய். கருவி நம் கண் முன்னால் ஒழுங்காக வேலை செய்தது. அதில் எங்கள் இருவருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

விழுந்த இடம் சோதனையும் தரவு ஆய்வும். 30-க்கு 8. மதிப்பீட்டு அளவுகோல் இங்கே மூன்று விஷயங்களைக் கேட்கிறது: அளவிடும் கருவியை நம்பலாம் என்பதற்குச் சான்று, போதுமான தடவை செய்த சோதனை, நியாயமான ஒப்பீடு.

சென்சாரை எடுத்துக்கொள். அது தரும் 600 என்பது ஈரப்பதம் அல்ல, மண் காயக் காயக் கூடும், 0 முதல் 1023 வரையிலான ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு மண்ணில் எவ்வளவு தண்ணீர் என்று நீ எங்கேயும் காட்டவில்லை. அறிக்கையைப் படிப்பவருக்கு ‘ஏன் 600, ஏன் 650 இல்லை?’ என்ற கேள்வி வரும், பதில் கிடைக்காது.

ஆனால் உன் நோட்டில் 23-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார். முதல் நாள் மண்ணை முழுக்க நனைத்துவிட்டு அளந்தபோது 310. பன்னிரண்டாம் நாள் அதே மாதிரி நனைத்து அளந்தபோது 380. பக்கத்தில் பென்சிலால் ‘சென்சார் கெட்டுப்போச்சா?’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நிவேதா, உன் புராஜெக்ட்டிலேயே மிக முக்கியமான வரி அதுதான். உன்னுடையது மின்தடையை அளக்கும் இரண்டு கம்பிச் சென்சார். ஈர மண்ணில் அதற்கு இடைவிடாமல் மின்சாரம் கொடுத்தால் மின்னாற்பகுப்பினால் கம்பியின் உலோகம் அரிக்கும். தடை கூடும், ஈரமான மண்ணையே காய்ந்த மண் என்று காட்ட ஆரம்பிக்கும். நீ 14 நாளும் மின்சாரத்தை நிறுத்தவே இல்லை. இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்து, எண்ணோடு பதிவும் செய்துவிட்டு, அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டாய். குறையைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பயந்திருப்பாய் என நினைக்கிறேன். இந்த அளவுகோலில் நேர் எதிர். பிழையை அடையாளம் கண்டு விளக்குவதற்கென்றே 8 மதிப்பெண் தனியாக இருக்கிறது, உனக்கு அதில் பூஜ்யம்.

அடுத்து, 40% தண்ணீர் மிச்சம் என்ற உன் முடிவு. கையால் ஊற்றிய தொட்டிக்கு நாளுக்கு 200 மி.லி., 14 நாளில் 2,800. கருவி வைத்த தொட்டிக்கு 1,680. கணக்கு சரி. ஆனால் அந்த 200 எங்கிருந்து வந்தது? நாளுக்கு 120 மி.லி. ஊற்றியிருந்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை என்று வந்திருக்கும். அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு தொட்டி. அந்தச் செடி கொஞ்சம் வாடலாக இருந்திருந்தாலோ, ஜன்னலை ஒட்டி இருந்திருந்தாலோ முடிவே மாறிவிடும்.

விவாதப் பகுதியில் 20-க்கு 6 வந்ததற்கும் காரணம் இதே இடத்தில்தான் இருக்கிறது. கருவி முதல் வாரம் 630 மி.லி. ஊற்றியது, இரண்டாம் வாரம் 1,050. உன் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏன் ஏறியது என்று நீ கேட்கவில்லை. 23-ஆம் பக்கத்தையும் இந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிட்டத்தட்ட தெரிந்துவிடும். செடி வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் சொல்லி, எதற்குச் சான்று அதிகம் என்று எடை போட வேண்டும். அதைத்தான் விவாதம் என்கிறோம். நீ அந்த இடத்தில் முடிவுகளையே வேறு வார்த்தைகளில் திரும்ப எழுதியிருக்கிறாய்.

அறிக்கை வடிவத்துக்கு 10-க்கு 5. இரண்டு வரைபடங்களில் அச்சுகளுக்கு அலகு இல்லை, மூன்று மேற்கோள்கள் பட்டியலில் இல்லை. ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான்.

சரி, இனி என்ன செய்யலாம்? மூன்று வாரத்துக்குள் திருத்திய அறிக்கையைக் கொடுக்கலாம். மறு சமர்ப்பிப்புக்கு அதிகபட்சம் 60 என்பது விதி. அதை முன்கூட்டியே தெரிந்துகொள். கருவியை மறுபடியும் செய்ய வேண்டாம். என் யோசனை, ஒரே ஒரு புதிய சோதனை. வெவ்வேறு ஈரத்தில் ஐந்து மண் மாதிரி எடு. புதுச் சென்சாரால் ஒவ்வொன்றையும் அளந்து, எடை போட்டு, ஆய்வகச் சூளையில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போடு. ஈர மண் 50 கிராம், உலர்ந்தபின் 40 என்றால் உலர் எடைக்கு 25% ஈரம். ஐந்து புள்ளிகளையும் வரைந்தால் 600 என்றால் என்ன என்று நீயே சொல்லிவிடலாம். அப்புறம் 40% என்ற கூற்றைத் தளர்த்தி, ‘ஒரு தொட்டியில், இந்த அளவு ஊற்றியதோடு ஒப்பிட்டால்’ என்று எழுது. 23-ஆம் பக்கத்தை அறிக்கைக்குள் கொண்டுவா. இவ்வளவும் ஒழுங்காக வந்தால் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டுவாய் என்று நான் நம்புகிறேன். மதிப்பெண்ணை இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது, திருத்திய அறிக்கையையும் இருவர்தான் பார்ப்போம்.

சூளையை உனக்காக வியாழக்கிழமை முழுவதும் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதிரிகளை வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் செவ்வாய் மதியம் 2 மணிக்கு என் அறைக்கு வா. அந்த நோட்டைக் கட்டாயம் எடுத்து வா, பென்சில் குறிப்புகளை அழிக்காமல்.

அன்புடன்,
உன் புராஜெக்ட் வழிகாட்டி