மே 14, அஞ்சாவது வருஷம்

பாப்பா,

இப்படி உன்ன கூப்பிட இப்ப யாரும் இல்ல, அதனால நானே கூப்பிட்டுக்கறேன். வேற யாராவது கூப்பிட்டா உனக்கு கோவம் வரும், என்மேல வராதுனு ஒரு தைரியம்தான்.

உனக்கு இந்த நாள் வருஷத்துக்கு ரெண்டு தடவ வருது, திதி ஒண்ணு தேதி ஒண்ணு. அப்பா போன 2021 மே 14 அட்சய திருதியை. மத்தவங்க திதிய பஞ்சாங்கத்துல தேடுவாங்க, உனக்கு மட்டும் நகைக்கடைக்காரன் பேனர் கட்டி ஞாபகப்படுத்துறான். இந்த வருஷம் ஏப்ரல் 19ந்தேதி வந்துச்சு, தம்பி எல்லாம் பண்ணான், நீ எல்லாருக்கும் பரிமாறின, நல்லாத்தான் இருந்த. இன்னிக்கிதான் கஷ்டம். தேதிக்கு சடங்கு கிடையாது, ஐயர் கிடையாது, பரிமாற ஆளும் கிடையாது, நீயும் அந்த பழைய போனும் மட்டும்.

சரி, முதல்ல அந்த மருந்து விஷயத்த பேசிடலாம். கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ் வாசல்ல ரெண்டு நாள், லாக்டவுன்ல, மே மாச வெயில்ல, ஆதார் ஜெராக்ஸ், ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட், சிடி ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு நெஞ்சோட பிடிச்சிட்டு நின்ன. கொரோனாவுக்கு எழுதி குடுத்த ரெம்டெசிவிர், ஆறு குப்பி. கிடைக்கல. அது கிடைச்சிருந்தா அப்பா இருந்திருப்பார்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டு இருக்க, வெளிய சொல்றதில்ல, எனக்கு கேக்கும். நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்டி. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே, அதாவது நீ கியூல நிக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே, ஆஸ்பத்திரில இருக்கவங்களுக்கு அத பரிந்துரைக்கலனு சொல்லிடுச்சு. அப்பறம் 2022ல வந்த அவங்களோட பெரிய ஆய்வோட கடைசி முடிவுல, வென்டிலேட்டருக்கு போகாதவங்களுக்கு கொஞ்சூண்டு பலன் தெரிஞ்சுது, போனவங்களுக்கு ஒண்ணும் தெரியல. அந்த கொஞ்சூண்டையும் நான் மறைக்கல பாரு. ஆனா நீ நினைக்கிற மாதிரி அது உயிர வச்சிருந்த டப்பா இல்ல. சீட்டு எழுதி குடுத்து வீட்டு ஆளுங்கள தெருத்தெருவா ஓட விட்டாங்க, அதே மே 18லேர்ந்து தனியார் ஆஸ்பத்திரிங்களுக்கே நேரா குடுக்க ஆரம்பிச்சாங்க. அப்போ அதுவரைக்கும் உன்ன எதுக்கு நிக்க வச்சாங்க? இந்த கோவத்த நீ உன்மேல திருப்பி வச்சிருக்க, அத கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினா தப்பில்ல.

போன் விஷயத்துக்கு என்கிட்ட எந்த ஆய்வும் இல்ல.

12ந்தேதி காலைல 11.20. அப்பாகிட்டேர்ந்து மிஸ்டு கால். டோக்கன் குடுக்கறாங்கனு ஒரே தள்ளுமுள்ளு, போன் பைக்குள்ள சைலன்ட்ல. நீ பாத்தப்ப மணி 12 தாண்டிடுச்சு, திருப்பி அடிச்ச, எடுக்கல, சாயங்காலம் வென்டிலேட்டர்ல வச்சிட்டோம்னு ஆஸ்பத்திரிலேர்ந்து சொன்னாங்க. ஏதோ முக்கியமா சொல்ல வந்தார்னு நீயா முடிவு பண்ணி வச்சிருக்க. இருக்கலாம். எனக்கும் தெரியாது. ஆனா அந்த வாரம் முழுக்க அவர் பண்ண மத்த கால் எல்லாம் என்ன சொல்லு. மோர் குடிச்சியா, மாஸ்க் ரெண்டு போடு, வண்டிய நிழல்ல விடு, ஒரு தடவ, பக்கத்து பெட்காரர் இருமறது தாங்கலனு ரகசியமா புலம்பினாரு, நீ சிரிச்ச, அவரும் சிரிச்சு அதுல அவருக்கே இருமல் வந்துச்சு. அதுல எதையும் நீ ஞாபகம் வச்சுக்கறதே இல்ல. எடுத்த பத்து காலும் கணக்குல இல்ல, எடுக்காத ஒண்ணுதான் கணக்கு. என்ன கணக்குடி இது, வட்டிக்கடைக்காரன் கூட இப்படி போட மாட்டான்.

மூஞ்சி பாக்க முடியாம, ஜிப் போட்ட பைய சுடுகாட்டு வாசல்ல தள்ளி நின்னு பாத்தத பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அதுக்கு அழு. இன்னிக்கி லீவு போட்டிருக்க இல்ல, எவ்ளோ நேரம் வேணும்னாலும் அழு, நான் ஆறுதல் சொல்லி நடுவுல வரமாட்டேன்.

அந்த பழைய போன சார்ஜ் போட்டு, அந்த மிஸ்டு கால் ஸ்கிரீன்ஷாட்ட பாக்கணும்னா பாத்துக்கோ, அழிச்சிடுனு யார் சொன்னாலும் கேக்காத. ஒரு தடவ பாத்தா போதும், நைட்டு ரெண்டு மணிக்கு வேணாம்.

அப்பறம் வாழைக்காய் பொடிமாஸ் பண்றதா சொன்னியே, அவருக்கு பிடிச்சதுனு. உனக்கு அது வராது, போன தடவ களி மாதிரி ஆயிடுச்சு. அம்மாவுக்கு போன் போட்டு கேட்டு பண்ணு, அவங்களும் காலைலேர்ந்து உன் போனுக்குத்தான் உக்காந்திருப்பாங்க. தேங்காய் பிரிட்ஜ்ல மூணு நாளா கிடக்கு, மோந்து பாத்துட்டு போடு.

இப்படிக்கு,
நான்தான்