ஞாயிற்றுக்கிழமை மதிப்புரைக்கு எங்கள் பதில்

வணக்கம் ஐயா,

எங்கள் யாங்கோன் கடையைப் பற்றித் தாங்கள் ஒற்றை நட்சத்திரத்துடன் எழுதிய மதிப்புரையை இரண்டு முறை படித்தேன். தோசை வர 40 நிமிடமானது உண்மைதான். காலை 7.30 மணிக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்ப மறுத்ததால், அன்று சட்னியை அம்மியில்தான் அரைத்தோம். அதைத் தங்கள் மேசைக்கு வந்து நான் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால், நாங்கள் பரிமாறியது முந்தின நாள் சாம்பார் என்று தாங்கள் எழுதியதை என்னால் ஏற்க இயலவில்லை. விடியற்காலை 4.30 மணிக்கு என் மனைவி அடுப்பில் ஏற்றும் ஒரே அண்டா சாம்பார், பெரும்பாலும் 11 மணிக்குள் தீர்ந்துவிடும். மிஞ்சினால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகுமே தவிர, மறுநாள் கடைக்கு வராது. தாங்கள் உணர்ந்த புளிப்பு, புளியோடு தக்காளியையும் சற்றுத் தூக்கலாகச் சேர்ப்பதால் வருவது. அது எல்லோருக்கும் பிடிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பரிமாறிய பையனைத் 'திமிர் பிடித்தவன்' என்று எழுதியதுதான் எனக்கு வருத்தம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலரைப் போல அவனுக்கும் பர்மிய மொழிதான் சரளம். தமிழில் கேட்டால் கூச்சத்தில் 'ம்', 'இல்லை' என்று முடித்துவிடுவான். பெயர் குறிப்பிடாவிட்டாலும், 6 மேசை உள்ள கடையில் அவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேட்காமல் வைத்த இரண்டாவது வடையைக் கணக்கில் சேர்த்தது எங்கள் பிழை. அதற்கான பணத்தைக் கல்லாவில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்