பொருள்: ஒப்பந்தச் சட்ட அகமதிப்பீட்டுத் தேர்வு – 5ஆம் வினாவின் விடையை மறுமதிப்பீடு செய்ய வேண்டுகோள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் முதலாம் ஆண்டு ‘ஆ’ பிரிவு மாணவி கௌசல்யா. திங்கட்கிழமை வகுப்பில் விடைத்தாளைப் பெற்றுக்கொண்டேன். 5ஆம் வினாவுக்கு 20க்கு 6 மதிப்பெண் கிடைத்திருக்கிறது. விற்க ஒப்புக்கொண்ட மஞ்சள் தீயில் எரிந்துவிட்டால், நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் பற்றிய இந்திய ஒப்பந்தச் சட்டப் பிரிவு 56இன்படி விற்றவர் விடுபடுவாரா என்பதே அந்த வினா. அதை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன்.

அந்த விடை 11ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. இடம் போதாமல் மீதியை 18ஆம் பக்கத்தில் எழுதினேன். 11ஆம் பக்கத்தின் அடியில் “தொடர்ச்சி: பக்கம் 18” என்று குறித்திருந்தாலும் எழுத்து மிகச் சிறியது, அது என் தவறுதான். 18ஆம் பக்கத்தில் சிவப்பு மையே படவில்லை. “சட்டம் சரி, வழக்குக்குப் பொருத்தவில்லை” என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். பொருத்திக் காட்டிய பகுதி முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கங்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “மஞ்சள் சந்தையில் கிடைக்கும் பொருள்; எனவே பிரிவு 56 பொருந்தாது” என்பது தங்கள் இரண்டாவது குறிப்பு. பொதுவாக மஞ்சள் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அது முற்றிலும் சரி. விலை ஏறியது என்பதற்காக யாரும் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது என்று 1960இல் அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வினாவில் இருப்பது “பெருந்துறைக் கிடங்கில் அடுக்கியுள்ள, வாங்குபவர் மாதிரி பார்த்துத் தேர்ந்த 60 மூட்டை விரலி மஞ்சள்”. எங்கள் வீட்டில் மஞ்சள் பயிரிடுகிறோம். ஈரோட்டில் வியாபாரி மாதிரியை முறித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். ஒருவர் மூட்டைக்குச் சொன்ன விலை பக்கத்து மூட்டைக்குப் பொருந்தாது. அந்த 60 மூட்டையும் எரிந்த பிறகு, வேறு மஞ்சளைக் கொடுப்பது ஒப்புக்கொண்ட பொருளைக் கொடுப்பதாகாது. 1863ஆம் ஆண்டின் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கையும், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் இதற்காகவே காட்டினேன். விற்றவரின் கவனக்குறைவால் தீ வந்திருந்தால் முடிவு மாறும் என்பதையும் கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கிறேன்.

சத்யப்ரதா கோஷ் வழக்கின் ஆண்டை 1954 என்பதற்குப் பதிலாக 1945 என்று எழுதிவிட்டேன். அதற்குக் குறைத்த மதிப்பெண் நியாயமானது. அதைத் திரும்பக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் தங்களுக்கு நேரமிருந்தால் விடைத்தாளுடன் ஆசிரியர் அறைக்கு வருகிறேன். 18ஆம் பக்கத்தைப் படித்த பிறகும் 6தான் என்று தாங்கள் கருதினால் ஏற்றுக்கொள்கிறேன். அப்போது என் வாதம் எந்த இடத்தில் நிற்கவில்லை என்பதை மட்டும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதித் தாருங்கள், அம்மா.

தங்கள் மாணவி,
கௌசல்யா
முதலாம் ஆண்டு, ‘ஆ’ பிரிவு
வரிசை எண் 37