மருமகள் உமையாளுக்கு மாமியார் எழுதிய வரவேற்புக் கடிதம்

சிவமயம்

காரைக்குடி
ஐப்பசி 10

சௌபாக்கியவதி உமையாளுக்கு அத்தை மீனாள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் நலமும், ஆத்தா அப்பச்சி நலமும் அறிய ஆவல்.

ஆவணியில் கல்யாணம் முடிந்த கையோடு நீ சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இருந்த ஒரு வாரமும் வீடு நிறைய சனம். உன்னிடம் நிதானமாக நாலு வார்த்தை பேச எனக்கு நேரமே அமையவில்லை. போனில் பேசலாம் என்றால் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டு, தானும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே இருக்கப்போகிறவள் நீ. வீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்து இறங்கினால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

முதலில் உன் அறையைப் பற்றிச் சொல்கிறேன். வளவில் கிழக்குப் பக்கம் இரண்டாவது அறை உங்களுக்கு. சாந்து பூசிய பழைய சுவர். ஆணி அடித்தால் பெயர்ந்து வந்துவிடும். துணி மாட்டச் சொக்கு மரச்சட்டம் வாங்கி வைத்திருக்கிறான். பாத்திரம், வெள்ளி, ஜாடி, பாய், மெத்தை என்று உங்கள் வீட்டிலிருந்து வந்த சாமான் எல்லாம் உள் அறையில் அடுக்கியாயிற்று. உன் அப்பச்சி கொடுத்த சிட்டையை வைத்துக்கொண்டு நானும் வள்ளியும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாம் இருக்கிறது. சாவி ஒன்றுதான், அதை உன் கையில் கொடுத்துவிடுவேன். அந்தச் சாமான் உன்னுடையது, உமையா. வீட்டில் ஒரு விசேஷம் என்று தாம்பாளமோ அடுக்கோ வேண்டுமானால் உன்னைக் கேட்டுத்தான் எடுப்போம். நீ கொடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். என் மாமியார் எனக்கு அப்படித்தான் செய்தார்கள். இந்த வீட்டில் அது வழக்கம்.

உன் சம்பளமும் அப்படியே. அதை யாரும் கேட்கமாட்டார்கள், கணக்கும் பார்க்கமாட்டார்கள். வீட்டுச் செலவை மாமாவும் இரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறார்கள். நீயாக விரும்பி ஏதாவது செய்தால் அது வேறு.

அடுத்தது அடுப்பு. கூட்டுக் குடும்பத்தில் மனத்தாங்கல் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம்மவர்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவது அந்தக் காலத்து முறை என்று உனக்கும் தெரியும். வீடு ஒன்றுதான், வளவு ஒன்றுதான். ஆனால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்று அளந்து கொடுத்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று பணமும் கொடுத்து, புதுப் பெண் தன் அடுப்பைத் தானே பார்த்துக்கொள்ள விட்டுவிடுவார்கள். இதைப் பிரிவினை என்று யாரும் நினைத்ததில்லை. ஒரே கூரைக்குக் கீழே நாலு புள்ளி இருந்தால் நாலு அடுப்பு எரியும். நோன்பும் படைப்பும் வந்தால் எல்லோரும் ஒரே அடுப்புக்கு வந்துவிடுவார்கள். புருசனும் பெண்டாட்டியும் வரவுக்குள் செலவு செய்யக் கற்றுக்கொண்டது அப்படித்தான். மாமியாருக்கும் மருமகளுக்கும் முகம் கொடுத்துப் பேச மனசு மிச்சம் இருந்ததும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

நம் வீட்டில் இப்போது ஒரே அடுப்பு. பங்காளிகள் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். இருக்கிற பத்துப் பேருக்கு எதற்கு இரண்டு அடுப்பு என்று ஒன்றாக்கிவிட்டோம். காலைப் பலகாரத்தை வள்ளியும் சமையல்கார அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். மத்தியானச் சமையல் என்னுடையது. ராத்திரிக்கு இட்லி, இடியப்பம், பணியாரம் என்று ஏதாவது ஒன்று, அதை முறை வைத்துச் செய்கிறோம். நீ வந்த பிறகு செவ்வாயும் வெள்ளியும் உன் முறை என்று வைத்துக்கொள்ளலாம் என்று வள்ளி சொன்னாள். உனக்குத் தோதுப்படாவிட்டால் மாற்றிக்கொள். உனக்கு வெள்ளைப் பணியாரம் ஊற்ற வராது என்று உன் ஆத்தா என்னிடம் ரொம்ப விசனப்பட்டார்கள். பச்சரிசியும் உளுந்தும் அளவாக ஊறி, மாவு வெண்ணெய் மாதிரி அரைபட்டால் பணியாரம் தானாக எழும்பி வரும். இரண்டு தடவை என் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு வருஷம் இருந்து பார். தனி அடுப்பு வைத்துக்கொண்டால் தேவலை என்று உனக்குத் தோன்றினால் என்னிடம் சொல். இரண்டாம் கட்டில் வடக்குப் பக்கம் பழைய அடுப்படி பூட்டிக் கிடக்கிறது. வெள்ளையடித்து, கேஸ் வைத்துக் கொடுத்துவிடலாம். நான் வருத்தப்படமாட்டேன். ஊரில் யாராவது கேட்டால், நான்தான் வைத்துக் கொடுத்தேன் என்று சொல்லுவேன்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொக்குவின் அப்பத்தாதான் இந்த வீட்டுக்குப் பெரியவர்கள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். பட்டாலையில் அவர்கள் உட்காரும் இடத்தைத் தாண்டிப் போகும்போது, “அப்பத்தா, நான் உமையா போறேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போ. யார் போகிறார்கள் என்று தெரியாமல் போனால்தான் அவர்களுக்குத் தவிப்பு. உன்னிடம் மாத்தூர்க் கோயிலைப் பற்றி நிறையக் கேட்பார்கள். அவர்கள் பிறந்ததும் மாத்தூர்க் கோயில் பிரிவில்தான். கல்யாணமாகி வந்தால் பெண்களுக்கு மாப்பிள்ளை வீட்டுக் கோயில் என்பது நம் முறை. இனி உனக்கும் வயிரவன்பட்டிதான். ஆனாலும் பிறந்த கோயில் பேச்சு வந்தால் அவர்கள் முகத்தில் ஒரு களை வரும். நீ வருவதில் இந்த வீட்டில் அவர்களுக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

சின்ன மாமாவும் சின்ன அத்தையும் மேற்குப் பக்க அறையில் இருக்கிறார்கள். சின்ன மாமாவுக்குச் சாப்பாட்டில் காரம் ஆகாது. வள்ளியை ஆச்சி என்று கூப்பிடு, அவளுக்குப் பிடிக்கும். அவள் உனக்கு ஓரகத்தி என்பதைவிட ஒரு கூடப்பிறந்தவள் என்று நினைத்துக்கொள். அவள் வந்த புதிதில் தனியாக எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். உனக்கு அந்தச் சிரமம் வரக்கூடாது என்று முனைப்பாக இருக்கிறாள். பேரனும் பேத்தியும் உன் அறைக்குள் சொல்லாமல் நுழைவார்கள். கதவைச் சாத்திக்கொள்ள உனக்கு உரிமை உண்டு.

உன் வேலைக்கு இடம் ஏற்பாடு செய்தாயிற்று. வளவு அறைக்குள் போனில் சிக்னலே எடுக்காது, சுவர் அவ்வளவு கனம். அதனால் முகப்பு மாடியில் தெருப் பக்கத்து அறையை ஒழித்து, மேசை போட்டு, இண்டர்நெட் லைன் இழுத்திருக்கிறான் சொக்கு. கரண்ட் போனாலும் ஓடுகிற மாதிரி இன்வெர்ட்டரும் உண்டு. நீ மாடி ஏறிவிட்டால் ஆபீசுக்குப் போய்விட்டாய் என்றுதான் வீட்டில் கணக்கு. விருந்தாள் வந்தாலும் உன்னைக் கூப்பிடமாட்டோம். வேலை முடிந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை வாங்க என்று கேட்டால் போதும்.

வருகிறவர்கள் ஏதேனும் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். உனக்கு அது சங்கடமாக இருக்கும். பதில் சொல்ல வேண்டாம், என் பக்கம் கையைக் காட்டிவிடு. பிள்ளை எப்போது என்பது நீயும் சொக்குவும் பேசிக்கொள்ள வேண்டியது. நானும் கேட்கமாட்டேன்.

நீ வரும்போது மழைக்காலம். வளவு வாசலில் மழை நேராக விழும். கூரைத் தண்ணீர் பிடிக்க நாலு மூலையிலும் அண்டா வைத்திருப்போம். அந்த நேரத்தில் கல் வழுக்கும், பார்த்து நட. பட்டாலையில் இருப்பது ஆத்தங்குடிக் கல். அதில் ஆசிட் கீசிட் ஊற்றிக் கழுவினால் பூ எல்லாம் செத்துப்போகும். வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும். கால் பட்டுப் பட்டுத்தான் அது மினுங்கும்.

திருக்கார்த்திகை முடிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. கல்யாணமான பிறகு உனக்கு முதல் நோன்பு. நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியிலிருந்து இழை எடுத்துச் சேர்த்து வைப்பது அப்பத்தாவின் வேலையாக இருந்தது. கண் தெரியாமல் போனதிலிருந்து நான் எடுக்கிறேன். இந்த வருஷம் நீ எடுத்தால் நன்றாயிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். மாவில் இழையை வைத்து, நெய்யில் ஏற்றி, மாமா கையால் எல்லோருக்கும் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் சுடரோடு வாயில் போட்டுப் பழகியிருப்பாய், இங்கேயும் அதேதான். வெளிநாட்டில் இருக்கிற என் மகளும் அன்றைக்கு வீடியோவில் வருவாள்.

ஆத்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நாள் நட்சத்திரம் பார்த்து என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தேவகோட்டை என்ன தூரம்? போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ, வண்டி எப்போதும் வாசலில் நிற்கிறது. அப்பச்சிக்கு முட்டி வலி என்று கேள்விப்பட்டேன். அவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்து பத்து நாள் வைத்துக்கொள். சம்பந்தி வீட்டில் தங்கலாமா என்று யோசிப்பார்கள். நான் வேண்டுமானால் நேரில் போய் அழைத்து வருகிறேன்.

மனசுக்கு ஒவ்வாதது நடந்தால் நேராக என்னிடம் சொல். சொக்குவிடம் சொல்லி, அவன் என்னிடம் சொல்லி, அப்படிச் சுற்றி வர வேண்டாம். இரண்டு பேருக்கு நடுவில் நின்று அவன் தவிப்பதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. நானும் உன்னிடம் சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்லுவேன். அடுத்த வீட்டு ஆச்சியிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை போகாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கார்த்திகை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை நீ பல்லவனில் வருவதாகச் சொக்கு சொன்னான். ராத்திரி ஸ்டேஷனுக்கு அவனும் வள்ளியும் வருவார்கள். கனமான பெட்டிகளைப் பார்சலில் போட்டுவிடு, தூக்கிக்கொண்டு அலையாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு கொட்டானில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் அனுப்பியிருக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் கொடு. வீட்டில் உனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வா. பட்டியல் நீளமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அத்தை
மீனாள்

பின்குறிப்பு: ராத்திரிக்கு இடியப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைக்கிறேன். ரயிலில் எதையும் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே.