உயில் புரோபேட் மனு: ஆட்சேபனைகளின் சுருக்கம்

மறைந்த தந்தையின் உயில் உண்மையானது என்று நீதிமன்றம் உறுதிசெய்யக் கேட்கும் மனு இது. மனுதாரர் மூத்த மகன். உயிலை நிறைவேற்றுபவராகவும் அவர் பெயரே உள்ளது. வீடும் வங்கி வைப்புத்தொகையும் அவருக்கே. இரண்டாவது மகன் சம்மதப் பத்திரம் கொடுத்துவிட்டார்.

முக்கிய எதிர்ப்பு மகளுடையது. உயில் எழுதிய சமயம் தந்தை பக்கவாதத்தில் படுத்திருந்தார், தெளிந்த மனநிலையில் இல்லை என்கிறார். அப்புறம், எழுத்தரை அழைத்துவந்ததே மனுதாரர்தான் என்கிறார். முதலிரண்டு பக்கங்களில் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் மட்டும் கைரேகை. மனுவில் இதற்கு விளக்கமே இல்லை; வழக்கு இங்கேதான் நிற்கும் அல்லது விழும் என்பது என் கருத்து.

இறந்துபோன மகனின் மனைவியும் ஆட்சேபிக்கிறார்: பேரப்பிள்ளைகள் விடுபட்டிருக்கிறார்கள், சாட்சிகளில் ஒருவர் மனுதாரரின் மைத்துனர். இவை தனியாக உயிலைச் செல்லாததாக்காது, சந்தேகத்தைக் கூட்டும். அதைப் போக்கும் பொறுப்பு மனுதாரருடையது. மற்றொரு சாட்சியை முதலில் விசாரிக்க வேண்டும்.