எங்களைப் பற்றி: அம்பாசமுத்திரத்தில் மூன்று தலைமுறையாக நகை செய்கிறோம்

வணக்கம். முகம் தெரியாத கடையில், போனில் படத்தைப் பார்த்து, பவுன் கணக்கில் பணம் போடுவதென்றால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும். வர வேண்டும். அதனால் நாங்கள் யார், நகை எங்கே உருவாகிறது, பில்லில் என்ன போடுகிறோம், எதைச் செய்ய மாட்டோம் என்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். இதில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ள முடியும், எங்கள் வாக்கை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

தாத்தா ஆசாரி. வீட்டுத் திண்ணையில்தான் பட்டறை. 1963-ல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றானபோது நாடு முழுக்க ஆசாரிமார் பிழைப்பு ஆட்டம் கண்டது. தாத்தா பழைய நகைகளைப் பழுது பார்த்தும் மெருகு போட்டும்தான் அந்தக் காலத்தைத் தள்ளினார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் நீக்கப்பட்டது. அடுத்த வருடம், 1991-ல், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து அம்பை பஜாரில் இந்தக் கடையைத் திறந்தார்கள். பிசான அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கமிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருவார்கள், பிள்ளைக்குக் காது குத்த ஒரு கம்மலோ பெண்ணுக்கு ஒரு சங்கிலியோ எடுப்பார்கள். அன்று கம்மல் எடுத்த பிள்ளைகளில் பலருக்குத் தாலி செய்து கொடுத்ததும் நாங்கள்தான்.

இன்றும் ஒரே கடைதான். அப்பா கல்லாவில் இருப்பார். சித்தப்பா பட்டறையைப் பார்க்கிறார், கடைக்குப் பின்னால் அதே கட்டிடத்தில். அண்ணன் தங்கம் வாங்குவதும் ஹால்மார்க் மையத்துக்கு நகையை அனுப்பி எடுப்பதும். அம்மா கணக்கு. நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்வது நான், இந்த வீட்டு மகள். தாலி, மோதிரம், கம்மல், கொடி எல்லாம் எங்கள் பட்டறையிலேயே செய்கிறோம். மெஷின் சங்கிலியும் அச்சு வளையலும் வெளியில் வாங்கி விற்கிறோம், எது எந்த வகை என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எழுதியிருக்கிறோம். வைரம் விற்பதில்லை, அதை மதிப்பிடும் அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை.

அடுத்து சுத்தம். 2 கிராமுக்கு மேல் உள்ள தங்க நகை எல்லாமே எங்களிடம் 22 காரட், 916 முத்திரையோடுதான். முத்திரையில் மூன்று இருக்க வேண்டும்: பிஐஎஸ் சின்னம், 22K916 என்ற தரம், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. BIS Care செயலியை இறக்கி, Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு இலக்கத்தைப் போடுங்கள். எந்த மையம் சோதித்தது, என்ன தரம், அது மோதிரமா வளையலா என்பது வரை காட்டும். மோதிரத்தில் உள்ள எண்ணைப் போட்டு வளையல் என்று வந்தால் அந்த நகையைத் தொடாதீர்கள், எந்தக் கடையாக இருந்தாலும். பணம் அனுப்பும் முன்பே முத்திரையை லென்ஸ் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவோம், உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். முத்திரையில் சொன்ன தரத்தைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த சுத்தத்துக்கான தொகையைப் போல இரு மடங்கும் சோதனைச் செலவும் கடைக்காரர் தர வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. எங்களுக்கும் அதேதான்.

'கேடிஎம் நகை இருக்கா?' என்று இன்னும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பொடியில் பற்றவைப்பது, அது சுத்தத்துக்கான முத்திரை கிடையாது. அந்தப் புகை பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். சித்தப்பா அதைப் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை.

பில் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள், அதனால் ஒரு கணக்கை அப்படியே போட்டுக் காட்டுகிறேன். புரிவதற்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம்: தங்கம் 1,60,000. சேதாரம் 8 சதவீதம், 12,800. மெஷின் சங்கிலிக்குத் தனியாகச் செய்கூலி நாங்கள் வாங்குவதில்லை. இரண்டும் சேர்ந்து 1,72,800, அதற்கு ஜிஎஸ்டி 3 சதவீதம் 5,184. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய், வரியோடு 53.10. மொத்தம் 1,78,037 ரூபாய் 10 காசு. இதில் கடைக்குக் கடை மாறுவது சேதாரமும் செய்கூலியும்தான், ஒப்பிடும்போது பில்லில் அந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். கைவேலை நகைக்கு எங்களிடமும் சேதாரம் கூடும், 14 சதவீதம் வரை போகும், ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவோம். கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்த எடைக்குத்தான் தங்க விலை. கல்லைப் பில்லில் தனியாக எழுதி, தனி விலை போடுவோம்.

பழைய நகை கொண்டு வந்தால் உங்கள் கண் முன்னால்தான் உருக்குவோம். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆச்சிமார் காதில் போட்டிருந்த பாம்படம் வரும். கையில் எடுத்தால் நல்ல கனம் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அரக்கு, மேலே தங்கத் தகடு. தராசில் காட்டிய எடைக்கும் அரக்கு போன பிறகு நிற்கிற எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மனசு விட்டுப் போனவர்கள் உண்டு. அதனால் உருக்குவதற்கு முன்பே இதைச் சொல்லி, எவ்வளவு தேறும் என்று சுமாராக ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறோம், அப்புறம் நீங்கள் சரி என்றால்தான் நெருப்பில் வைப்போம். எங்களைக் கேட்டால், அவசரப் பணத்தேவை இல்லாதவரை பாம்படத்தை உருக்க வேண்டாம். அந்த வேலை தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

நகைச்சீட்டு நாங்கள் நடத்துவதில்லை. மாதாமாதம் உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் தொழில் இல்லை என்பது அப்பாவின் முடிவு, எங்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. சேர்த்து வைக்க நினைப்பவர்கள் அவ்வப்போது ஒரு கிராம், இரண்டு கிராம் காசாக வாங்கி உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூருக்கு இன்சூரன்ஸ் போட்ட பார்சலில்தான் அனுப்புகிறோம். தராசில் வைப்பது முதல் சீல் ஒட்டுவது வரை வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்புவோம், நீங்களும் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், இருவருக்கும் அது நல்லது. போடாத நகையை ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம். பெயர் வெட்டியதும் அளவு கொடுத்துச் செய்ததும் மட்டும் முடியாது. 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்போம், அது சட்டம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாபநாசம், அகஸ்தியர் அருவி என்று இந்தப் பக்கம் வந்தால் கடைக்கும் வந்து பாருங்கள், வாங்க வேண்டும் என்று இல்லை. காலை 10 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. பட்டறையில் வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மதியத்துக்கு முன்னால் வாருங்கள், சித்தப்பா அப்போதுதான் நெருப்பு வேலையை வைத்துக்கொள்வார்.